பழைய ஸ்கூட்டரைப் பார்த்துவிட்டு வந்த பிறகு விலை குறைத்துக் கேட்டு மெசேஜ் எழுதுவது எப்படி

முதன்முதலாகப் பழைய ஸ்கூட்டர் வாங்கப் போகிறவர்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போவது வழக்கம். ஸ்கூட்டரைப் பார்ப்பதில் பெரிதாக யாரும் சறுக்குவதில்லை. ஒரு மெக்கானிக் கூட இருந்தால் பாதிப் பிரச்சினை முடிந்துவிடும். வீட்டுக்குத் திரும்பி வந்து, விற்கிறவருக்கு வட்ஸ்அப்பில் என்ன எழுதுவது என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கிற இடத்தில்தான் சறுக்குகிறார்கள். "அண்ணை, நிறையப் பிழை இருக்கு, கடைசி எவ்வளவு?" என்று எழுதிவிடுவார்கள். அங்கிருந்து பதில் வராது, வந்தாலும் "வேற ஆள் கேட்கினம்" என்று வரும். நல்ல ஸ்கூட்டர் ஒன்று ஒரு வரியால் கைநழுவிப் போன கதை எனக்குத் தெரிந்தே நாலைந்து இருக்கிறது.

இந்தக் கட்டுரை அந்த ஒரு மெசேஜைப் பற்றியது. போன வருடம் என் பெறாமகளுக்கு ஸ்கூட்டர் எடுத்துக் கொடுத்தபோது நடந்ததை வைத்தே சொல்கிறேன். அவளுக்குச் சாவகச்சேரியில் வேலை கிடைத்தது, கொக்குவிலில் இருந்து கண்டி வீதியால் தினமும் போய்வர வேண்டும். கோண்டாவிலில் ஒரு ஐயா 110 சீசீ ஸ்கூட்டர் ஒன்றை விற்பதாக விளம்பரம் போட்டிருந்தார். 2017 இல் பதிந்தது, 31,000 கிலோமீற்றர் ஓடியது, 465,000 ரூபா, விலை பேசலாம், "ரயர் ரெண்டும் நல்லது, சிறு கீறல்கள் உண்டு". போனில் கதைத்தபோது, பார்த்துப் பிடித்தால் 450,000 க்குத் தரலாம் என்றார், பற்றரி கொஞ்சம் பலவீனம், உதைத்துத்தான் ஸ்ராட் பண்ண வேண்டும் என்பதையும் அவரே சொன்னார். இந்தக் கடைசி வசனத்தை நினைவில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

எழுத முதல் கையில் இருக்க வேண்டியவை

மெசேஜின் பலம் அதில் இருக்கிற சொற்களில் இல்லை, காலையில் நீங்கள் எடுத்த படங்களிலும் கராஜில் கேட்ட விலையிலும் இருக்கிறது. அதனால் பார்க்கப் போகும்போதே மெசேஜை மனதில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

போக முதல் ஒரு வேண்டுகோள் விடுங்கள்: "நாங்கள் வரும்வரைக்கும் ஸ்ராட் பண்ணாமல் வைச்சிருங்கோ." குளிர்ந்த எஞ்சின்தான் உண்மையைச் சொல்லும். போனவுடன் எஞ்சினில் கையை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறோம் என்று சொல்லிவிடலாம். முதல் உதையில் நீலப் புகை வந்து சில விநாடியில் நின்றால் பெரும்பாலும் வால்வ் சீல், அக்சிலேற்றர் முறுக்கும்போதெல்லாம் நீலமாக வந்தால் ரிங் தேய்ந்திருக்கலாம். விடியக்காலையில் சைலன்சரில் இருந்து வரும் மெல்லிய வெள்ளை ஆவி ஈரப்பதம்தான், அதைப் புகை என்று எழுதி மானத்தை வாங்கிக்கொள்ளாதீர்கள். ஐயாவின் ஸ்கூட்டரில் புகை இல்லை. எஞ்சின் நல்லது.

பிறகு ஓட்டிப் பார்த்தோம். நின்ற இடத்தில் இருந்து எடுக்கும்போது ஒரு நடுக்கம், பதினைந்து இருபது வேகத்துக்குப் போனதும் அது மறைந்துவிட்டது. கியர் இல்லாத ஸ்கூட்டரில் இந்த நடுக்கம் வந்தால் கிளச் சூவைச் சந்தேகப்பட வேண்டும். ஆனால் சந்தேகத்தை மெசேஜில் எழுதக் கூடாது. ஏனென்றால் தூசி படிந்து சூ வழுக்குகிறபோதும் இதே நடுக்கம் வரும், அதைக் கழற்றித் துடைத்து, லேசாகத் தேய்த்துப் பூட்டினால் போய்விடும். நீங்கள் "சூ மாற்ற வேணும்" என்று காசு கேட்டு, அவர் தன்னுடைய மெக்கானிக்கிடம் கொண்டுபோய்த் துடைத்துச் சரியாக்கிவிட்டால், மிச்ச எல்லாவற்றையும் நீங்கள் கூட்டித்தான் சொல்கிறீர்கள் என்று ஆகிவிடும். அதனால் அவரிடம் கேட்டு, அவரையும் கூட்டிக்கொண்டு, திருநெல்வேலிப் பக்கம் இருக்கிற ஒரு கராஜில் பெல்ற் மூடியைக் கழற்றினோம். சூவின் தோல் இரும்பை எட்டுகிற அளவுக்குத் தேய்ந்திருந்தது, பெல்ற்றின் உட்பக்கப் பற்களுக்கு இடையில் கையால் வளைத்தால் வாய் திறக்கிற மாதிரி வெடிப்பு. அந்த வெடிப்பைப் பெறாமகள் பெல்ற்றை வளைத்துப் பிடித்தபடியே படம் எடுத்தாள். சும்மா தொங்குகிற பெல்ற்றைப் படம் எடுத்தால் கறுப்பு வளையம் ஒன்றுதான் தெரியும்.

அடுத்தது ஹான்டில். நடு ஸ்ராண்டில் நிறுத்தி, ஒருவர் பின்பக்கத்தை அமத்தினால் முன்சில்லு நிலத்தில் இருந்து கிளம்பும். அப்போது இரண்டு விரலால் ஹான்டிலை ஒரு பக்கத்தில் இருந்து மற்றப் பக்கத்துக்கு மெதுவாகத் திருப்ப வேண்டும். நல்லதென்றால் எண்ணெயில் ஓடுகிற மாதிரிப் போகும். இது நேர் நடுவில் வந்ததும் ஒரு குழியில் விழுந்த மாதிரி நின்றது. ஹான்டில் திரும்புகிற பெயாரிங்கான கோன் செற்றின் கிண்ணத்தில் குண்டுகள் பள்ளம் விழுத்திவிட்டன, எங்கள் உள்வீதிக் குழிகளில் வருடக்கணக்காக விழுந்து எழும்பினால் இது நடக்கும். நேராக ஓடும்போது ஹான்டில் அந்தப் பள்ளத்திலேயே நிற்கப் பார்க்கும், மெதுவாகப் போகையில் ஸ்கூட்டர் பாம்பு மாதிரி நெளியும். இதையும் இன்னொன்றையும் குழப்பக் கூடாது: முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆட்டினால் "டொக்" என்று சத்தம் வந்து, நடுவில் பிடிப்பு இல்லையென்றால், செற் தளர்ந்துதான் இருக்கிறது. நட்டை இறுக்கினால் போதும், அதற்குக் காசு கேட்க முடியாது. நடுவில் பிடிப்பதைப் படமாக எடுக்க வழியில்லை, பத்து விநாடி வீடியோ எடுங்கள்.

கடைசியாக ரயர். பின் ரயரின் பூ நன்றாகவே இருந்தது, விளம்பரப் படத்திலும் அப்படித்தான் தெரிந்தது. ஆனால் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும், முதல் இரண்டும் வாரம், பின் இரண்டும் வருடம். இதில் 1817 என்று இருந்தது. 2017 ஆம் வருடத்துப் பதினெட்டாவது வாரம், அதாவது ஸ்கூட்டரோடு வந்த ரயர், எட்டு வயது. பக்கச் சுவரை விரலால் அமத்தினால் மயிரிழை வெடிப்புகள் வரிசையாகத் திறந்தன. எண்ணும் வெடிப்பும் ஒரே படத்தில் வருகிற மாதிரி எடுத்தோம். இரண்டு படமாக எடுத்தால், அது எந்த ரயர் என்று கேட்பார்கள்.

கராஜிலேயே ஒவ்வொன்றுக்கும் சாமான் விலை, கூலி இரண்டையும் கேட்டு ஒரு துண்டில் எழுதி வாங்கிக்கொண்டோம். பெல்ற்றும் ரோலரும் 8,500, கிளச் சூ 7,500, கோன் செற் 5,000, பின் ரயர் பூட்டித் தர 9,000. இவை அன்றைக்கு அந்தக் கராஜில் சொன்ன விலைகள், நீங்கள் வாங்குகிற நாளில் உங்கள் மொடலுக்கு வேறாக இருக்கும். எழுதி வாங்குவதுதான் முக்கியம்.

எதைக் கணக்கில் எடுப்பது, எதை விடுவது

வீட்டுக்கு வந்ததும் பெறாமகள் ஒரு நீளமான பட்டியல் எழுதினாள். மேலே சொன்னவற்றோடு பற்றரி, கிழிந்த சீற், இடது பக்கப் பிளாஸ்ரிக்கில் கீறல், கறுத்துப்போன எஞ்சின் ஒயில், ஒரு பக்கக் கண்ணாடி ஆட்டம், எல்லாம் சேர்த்து ஐம்பதாயிரத்தைத் தாண்டியது. நான் பாதியை வெட்டினேன். அவளுக்குக் கோபம்.

வெட்டியதற்குக் காரணம் இருக்கிறது. போனில் பேசிய 450,000 என்பது, அந்த நேரத்தில் இரண்டு பேருக்கும் தெரிந்திருந்த விஷயங்களுக்கான விலை. சீற் கிழிந்தது படத்தில் தெரிந்தது, கீறல் விளம்பரத்தில் எழுதியிருந்தது, பற்றரியை அவராகவே சொன்னார். அவற்றுக்கும் சேர்த்துத்தான் 450,000 க்கு நாங்கள் ஓம் என்றோம். அதே பற்றரிக்கு இப்போது திரும்பவும் குறைத்துக் கேட்டால், உண்மையைச் சொன்னதற்காக அவரைத் தண்டிக்கிற மாதிரி இருக்கும். அவரும் இனி எதையும் சொல்ல மாட்டார். ஒயில், கண்ணாடி போன்ற சில்லறை வேலைகள் எந்தப் பழைய ஸ்கூட்டர் எடுத்தாலும் செய்ய வேண்டியவை, அவற்றை எழுதினால் பெரிய விஷயங்களும் சில்லறையாகத் தெரியும்.

ஆகவே கணக்கில் வருபவை: பார்க்காமல் தெரிந்திருக்க முடியாதவை, படமோ வீடியோவோ இருப்பவை, கராஜில் விலை சொன்னவை. மூன்றும் பொருந்த வேண்டும். எங்களுக்கு மிஞ்சியது 30,000.

இன்னொரு வகை இருக்கிறது, அதற்கு விலை குறைத்துக் கேட்கவே கூடாது. வாகனப் பதிவுப் புத்தகத்தில் இருக்கிற சேசி நம்பரும் வண்டியில் இருப்பதும் ஒத்துவரவில்லை, நம்பரைச் சுரண்டிய அடையாளம் இருக்கிறது, அல்லது பின்னால் நின்று பார்க்க நேராக ஓடும்போதே முன்சில்லும் பின்சில்லும் ஒரே கோட்டில் இல்லை, அடிபட்டுச் சட்டம் வளைந்திருக்கிறது. லீசிங் கம்பனியின் பெயர் இன்னும் புத்தகத்தில் இருப்பதும், பதிந்த உரிமையாளர் வெளிநாட்டில் இருக்க, அவருடைய கையெழுத்தோ முறையான அற்றோணித் தத்துவமோ இல்லாமல் வேறொருவர் விற்பதும் இதே வகைதான், அவற்றைத் தீர்த்துக்கொண்டு வந்தால் பிறகு கதைக்கலாம். ஐம்பதாயிரம் குறைத்துத் தந்தாலும் இவை தீராது. அந்த நேரத்தில் எழுத வேண்டியது இரண்டு வரிதான்:

> ஐயா வணக்கம். ஸ்கூட்டர் காட்டினதுக்கு நன்றி. எங்களுக்குச் சரிவராது போல இருக்கு, வேற பார்க்கிறம்.

காரணம் விளக்கி வாக்குவாதத்துக்குப் போகத் தேவையில்லை.

மெசேஜை யார் வாசிக்கப் போகிறார்கள்

இது எங்கள் ஊருக்கே உரிய விஷயம், இதை விளங்கிக்கொண்டால் மெசேஜ் தானாக எழுதப்படும். நீங்கள் அனுப்புவது கோண்டாவிலில் இருக்கிற ஐயாவுக்கு. ஆனால் அந்த ஸ்கூட்டரை ஓடியவள் அவருடைய மகள், அவள் கனடாவில் இருக்கிறாள். புத்தகம் ஐயாவின் பெயரில், முடிவு மகளுடையது. உங்கள் மெசேஜ் ஐயா வாசித்த அடுத்த நிமிடமே அங்கே போய்விடும். அவள் கராஜுக்கு வரவில்லை, பெல்ற்றைப் பார்க்கவில்லை, உங்களையும் தெரியாது. நேரில் பார்க்காத ஒருவர் வாசித்து, இது நியாயம்தான் என்று சொல்லும்படி எழுத வேண்டும்.

அதனால்தான் வொய்ஸ் அனுப்ப வேண்டாம் என்று சொல்கிறேன். வொய்ஸில் தொகை காதில் நிற்காது, மூன்று நிமிடத்தை யாரும் இரண்டாம் தரம் கேட்க மாட்டார்கள். எழுத்து, அதுவும் போன் திரையில் ஒரு தரம் தள்ளினால் முடிகிற அளவு. படங்களை முதலில் அனுப்பி, ஒவ்வொன்றுக்குக் கீழும் இரண்டு சொல்லில் குறிப்பு எழுதிவிட்டு, பிறகு மெசேஜ். பதிலுக்கு அவசரப்படவும் கூடாது: இங்கே இரவு ஏழு மணிக்கு அனுப்பினால் ரொறன்ரோவில் அப்போதுதான் காலை, அவள் வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது இங்கே அடுத்த நாள் விடியப் போகும். "பார்த்திட்டீங்களோ?" என்று இரவு பத்து மணிக்கு மறுபடி கேட்டால், உங்களுக்குத்தான் அவசரம் என்று தெரிந்துவிடும்.

ஒரு சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். "பிழை" என்று எழுதாதீர்கள். "உங்கட ஸ்கூட்டரில பிழை இருக்கு" என்றால் எங்கள் பேச்சில் அது ஆளையும் சேர்த்துக் குற்றம் சொல்லும். "செய்ய வேண்டிய வேலை இருக்கு" என்று எழுதுங்கள். விஷயம் ஒன்றுதான், ஆனால் ஐயா தன் மகள் கவனமாக வைத்திருந்த ஸ்கூட்டரைப் பற்றி வாசிக்கிறார். "நீங்கள் சொல்லேல்லை", "மறைச்சிட்டீங்கள்" இரண்டும் வேண்டவே வேண்டாம். பெல்ற் வெடித்திருப்பது அவருக்கும் தெரிந்திருக்காது, மூடியைக் கழற்றாமல் யாருக்கும் தெரியாது.

எழுதிய மெசேஜ்

பெறாமகள் சனிக்கிழமை பின்னேரம் அனுப்பியது இது:

> ஐயா வணக்கம். இண்டைக்குக் காலமை ஸ்கூட்டர் பார்க்க வந்த பிள்ளை. கராஜ் மட்டும் எங்களோட வந்ததுக்கு நன்றி. எஞ்சின் நல்லா இருக்கு, புகை இல்லை, புத்தக நம்பரும் சரி. எனக்கு எடுக்க விருப்பம்.
>
> கழட்டிப் பார்த்ததில மூண்டு வேலை இருக்கு, படங்கள் மேல அனுப்பியிருக்கிறன்.
> பெல்ற் வெடிச்சிருக்கு, கிளச் சூ தேஞ்சு முடிஞ்சுது. சாமானும் கூலியும் 16,000.
> ஹான்டில் நடுவில பிடிக்குது (வீடியோ). கோன் செற் மாத்த 5,000.
> பின் ரயர் 2017 ஆம் ஆண்டு ரயர், பக்கத்தில வெடிப்பு. 9,000.
> மொத்தம் 30,000. கராஜில எழுதித் தந்த துண்டும் படத்தில இருக்கு.
>
> பற்றரியை நீங்களே முதல் சொன்னனீங்கள், கீறலும் சீற்றும் விளம்பரத்தில தெரிஞ்சது, அதுகளைக் கணக்கில எடுக்கேல்லை.
>
> போனில 450,000 எண்டு கதைச்சம். இந்த வேலையளைக் கழிச்சு 420,000 க்குத் தர ஏலுமோ ஐயா? ஆறுதலா வீட்டில கதைச்சுப்போட்டுச் செவ்வாய்க்கிழமைக்குள்ள சொல்லுங்கோ. ஓம் எண்டால் அடுத்த நாளே முழுக்காசோட வாறன், அப்பவே படிவங்களில கையெழுத்து வைப்பம்.

ஒவ்வொரு பந்திக்கும் ஒரு வேலை இருக்கிறது. முதலில் நல்லதைச் சொன்னது முகஸ்துதிக்காக அல்ல, எஞ்சின் நல்லது என்று நாங்களே எழுத்தில் ஒத்துக்கொண்டால், மிச்சத்தையும் உள்ளபடிதான் சொல்கிறோம் என்று நம்புவார்கள். பற்றரி வரியை எடுத்துவிடலாமே என்று பெறாமகள் கேட்டாள், கணக்கில் எடுக்காததை எதற்கு எழுதுவது என்று. அந்த வரிதான் கனடாவில் வேலை செய்தது என்று நினைக்கிறேன், பிறகு ஐயாவே சொன்னார், "மகள் வாசிச்சிட்டு, பிள்ளை நியாயமாத்தான் கேட்குது எண்டவா" என்று.

கேட்ட தொகை ஒன்றே ஒன்று. "410 இல இருந்து 425 க்குள்ள" என்று எழுதினால் அவர் 425 ஐ மட்டும்தான் வாசிப்பார். கணக்கில் இருந்து வந்த தொகையாகவும் இருக்க வேண்டும். "4 லட்சத்துக்குத் தாங்கோ" என்பதற்குப் பின்னால் கணக்கு இல்லை, அதனால் பதிலுக்கும் கணக்கு வராது.

திகதி குறிப்பது மிரட்டுவதற்கு இல்லை. அவருக்கு யோசிக்க இரண்டு மூன்று நாள், உங்களுக்கு அதற்குப் பிறகு வேறு ஸ்கூட்டர் பார்க்கும் சுதந்திரம். "இப்பவே சொன்னால்தான்" என்று எழுதினால் அதை வாசிக்கிற மகள் கனடாவில் நித்திரையாக இருப்பாள்.

பதில் வந்த பிறகு

ஞாயிறு காலை பதில் வந்தது: "பிள்ளை, பெல்ற், சூ எல்லாம் ஓட ஓடத் தேயுற சாமான்தானே. பழைய வண்டியில அது இருக்கும். 440 க்கு எடுங்கோ."

இந்த வாதம் கட்டாயம் வரும், இதற்குத் தயாராக இருங்கள். அது முற்றிலும் தவறும் இல்லை. 31,000 கிலோமீற்றர் ஓடிய ஸ்கூட்டரில் பெல்ற் மாற்றுகிற காலம் வந்திருக்கும் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும், புதுப் பெல்ற் போட்டால் அதன் முழு ஆயுளையும் அனுபவிக்கப் போவது வாங்குகிறவர்தான். ஆகவே தேய்கிற சாமானில் பாதியை விட்டுக் கொடுப்பது நியாயம். ரயருக்கு அது பொருந்தாது, அதுவும் தேய்கிற சாமான்தான் என்றாலும் விளம்பரத்தில் "ரயர் ரெண்டும் நல்லது" என்று எழுதியிருந்தது. கோன் செற் கிலோமீற்றரால் போனது இல்லை, குழியால் போனது, அதோடு ஓட முடியாது.

அதனால் பெல்ற், சூ இரண்டுக்குமான 16,000 இல் 8,000 ஐ விட்டோம். மிச்சம் 22,000.

> ஓம் ஐயா, பெல்ற்றும் சூவும் தேயுற சாமான், நீங்கள் சொல்லுறது சரி. அதில பாதியை நான் பார்க்கிறன். ரயரும் கோன் செற்றும் உடனை மாத்தாமல் சாவகச்சேரி மட்டும் ஓடேலாது. அப்பிடிப் பார்த்தால் 428,000 வருது. இது சரியெண்டால் சொல்லுங்கோ.

கவனியுங்கள், 440 க்கும் 420 க்கும் நடுவில் 430 என்று பாதியாகப் பிரிக்கவில்லை. பாதியாகப் பிரிக்கிறவரிடம் அடுத்த தரமும் பாதியாகப் பிரிப்பார்கள், 435 என்று வரும், அதற்கு முடிவே இல்லை. நாங்கள் இறங்கியதற்கு ஒரு காரணம் இருந்தது, அந்தக் காரணம் முடிந்த இடத்தில் நின்றுவிட்டோம்.

திங்கள் காலை ஐயா, "430 ஆக்குங்கோ பிள்ளை, மகள் அதுக்கு ஓம் எண்டிட்டா" என்றார். 2,000 க்காக இழுக்க வேண்டாம் என்று நான் சொன்னேன். அவளாகவே ஒன்று கேட்டாள்: "சரி ஐயா 430. ரெண்டாவது சாவி இருந்தால் அதையும் தாங்கோ." அலுமாரிக்குள் கிடந்தது, எடுத்து வைத்துவிட்டேன் என்று பதில் வந்தது.

"நான் வாங்கினதே இந்த விலைக்கு" என்ற பதிலும் அடிக்கடி வரும். 2020 இல் வாகன இறக்குமதி நின்று 2025 இல் மறுபடி திறக்கும்வரை பழைய ஸ்கூட்டர்கள் எரிவிலைக்குப் போயின, அந்த நேரம் கூடின விலைக்கு வாங்கியவர்களுக்கு இது உண்மையான வேதனை. அவர்களோடு வாதாடாதீர்கள். "விளங்குது அண்ணை, ஆனால் இந்த வேலைக்கு நான் கராஜில குடுக்க வேண்டிய காசு மாறாது" என்று மட்டும் எழுதுங்கள். அவர் இறங்காவிட்டால், அதே விலைக்கு அவரே வேலையைச் செய்து தரட்டும் என்று கேட்டுப் பார்க்கலாம், ஆனால் அப்படியென்றால் எந்தக் கராஜ், என்ன சாமான் என்பதையும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், கழற்றிய பழைய பெல்ற்றையும் சூவையும் உங்களிடம் காட்டச் சொல்லுங்கள். மலிவான பெல்ற் ஒன்றைப் போட்டு மூடிவிட்டால் வெளியில் இருந்து தெரியாது.

முற்பணம் கேட்டால்? விலை ஒத்துவந்த பிறகு, புத்தகத்தின் மூலப் பிரதியையும் அவருடைய அடையாள அட்டையையும் நேரில் பார்த்து, இரண்டிலும் ஒரே பெயர் இருக்கிறதா என்று ஒப்பிட்டு, சிறு தொகை கொடுத்துத் துண்டில் கையெழுத்து வாங்கலாம். பார்க்காமல் வங்கிக் கணக்குக்கு அனுப்பாதீர்கள், எவ்வளவு நல்ல மனிதராகத் தெரிந்தாலும்.

கதை முடிந்த உடனேயே, ஒத்துக்கொண்டதை ஒரு தரம் எழுதி அனுப்பிவிடுங்கள். பெறாமகள் அனுப்பியது:

> ஐயா, அப்ப ஸ்கூட்டர் 430,000, ரெண்டு சாவி, புத்தகம், வரிப்பத்திரம், இன்சூரன்ஸ், கையெழுத்து வைச்ச உரிமை மாற்றப் படிவங்களோட. செவ்வாய் நாலு மணிக்கு வீட்ட வாறம்.

செவ்வாய் போனபோது காசை எடுக்க முதல் நான் பின் ரயரைக் குனிந்து பார்த்தேன், 1817 தான் இருந்தது, முன் ரயரும் பழைய படத்தில் இருந்த அதே ரயர். சேசி நம்பரைத் திரும்பவும் புத்தகத்தோடு ஒப்பிட்டோம். பார்த்த நாளுக்கும் எடுக்கிற நாளுக்கும் இடையில் எதுவும் மாறியிருக்கக் கூடாது. ஐயா படிவங்களில் கையெழுத்து வைத்தார், பெறாமகள் காசை எண்ணி மேசையில் வைத்தாள், அவர் இரண்டாம் தரம் எண்ணினார். அங்கிருந்து நேரே கராஜுக்குத்தான் போனோம், கோன் செற்றும் ரயரும் அன்று பின்னேரமே மாற்றியாகிவிட்டது, பெல்ற்றும் சூவும் அடுத்த நாள்.